யார் கையில் தீட்டு?

1847 அக்டோபர். வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில், ரவுண்ட்ஸ் எப்போதும் எந்தப் படுக்கையில் தொடங்குமோ அந்தப் படுக்கையில் ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். அவளுக்குக் கருப்பையில் புற்று. அழுகி, நீர் வடிந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் அவளை உள்ளே கைவைத்துச் சோதித்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். அடுத்த படுக்கைக்குப் போனார்கள். அப்போது பிரசவத்துக்கு இருந்த 12 பேரில் 11 பேர் செத்துப் போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்ல என்பது. ஐந்து மாதம் முன்பே, இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற உதவி மருத்துவரின் கட்டளைப்படி, பிணவறையிலிருந்து வருகிறவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைந்தார்கள். அதற்குப் பலனும் இருந்தது. ஏப்ரலில் நூற்றுக்கு 18க்கு மேல் இருந்த தாய்மார் சாவு, ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நூற்றுக்கு 3க்கும் கீழே இறங்கியது. விஷம் பிணத்தில் இருக்கிறது, அதைக் கழுவிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தார்கள். முதல் படுக்கைப் பெண் பிணம் அல்லவே! அவளைத் தொட்ட கைக்குச் சோப்புப் போதும் என்று நினைத்தார்கள்.

அங்கே பரவியது புற்று அல்ல. அழுகிய சதையில் குடியிருந்த கிருமி. கிருமிதான் நோய் தருகிறது என்பது அன்று அந்த மருத்துவர்களுக்குத் தெரியாது. பிரசவக் காய்ச்சலில் சங்கிலி சங்கிலியாகக் கோத்த நுண்ணுயிர் இருப்பதைப் பாஸ்டர் காட்டியது 1879இல்தான். ஆனால் செம்மல்வைஸுக்குக் கிருமியின் பெயர் தேவைப்படவில்லை. உயிருள்ள உடம்பிலிருந்தும் சாவு கைவழியாகப் போகும் என்பது அவருக்குப் புரிந்தது. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவிலும் குளோரின் கரைசலில் கழுவ வேண்டும் என்று உத்தரவை மாற்றினார். 1848ஆம் ஆண்டு முழுவதற்குமான சாவு நூற்றுக்குச் சற்றேறக்குறைய ஒன்று. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருத்தி கூடச் சாகவில்லை.

இதற்கு முன் அதே வார்டில் என்னென்ன காரணம் சொன்னார்கள் என்று பார்த்தால் நம் ஊர்க் கதை போலவே இருக்கும். காற்றில் கேடு, வானத்தில் ஏதோ மாற்றம், பெண்களின் பயம். சாகக் கிடப்பவளுக்குக் கடைசிச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் மணியடித்துக்கொண்டு மற்ற அறைகளின் வழியாக நடப்பதால், கேட்ட பெண்களுக்குத் திகில் ஏறிக் காய்ச்சல் வருகிறது என்று கூட ஒரு கட்சி இருந்தது. செம்மல்வைஸ் அதையும் சோதித்தார். பாதிரியாரை மணியில்லாமல், வேறு வழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை. காற்றுதான் காரணம் என்றால், பக்கத்திலேயே இருந்த, மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் ஏன் மிகக் குறைவான பெண்கள் செத்தார்கள்? ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவளுக்கு ஏன் பெரும்பாலும் காய்ச்சல் வரவில்லை? தெருவில் பெற்றவளை எந்த மருத்துவரும் உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எந்த நாளில் எந்தப் பிரிவு சேர்க்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் பிரிவில் சேருங்கள் என்று காலில் விழுந்து கெஞ்சிய ஏழைப் பெண்களுக்கு உண்மை முன்பே தெரிந்திருந்தது. பேராசிரியர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? என் கை இவளைக் கொல்லும் என்று ஒப்புக்கொள்ள மனிதனுக்கு அவ்வளவு கஷ்டம். கேடு வெளியிலிருந்து, அடுத்தவனிடமிருந்து, தாழ்ந்தவனிடமிருந்து என்னிடம் வருகிறது என்று நம்புவது சுலபம். அந்த நம்பிக்கைக்கு நாம் தீட்டு என்று பெயர் வைத்தோம்.

தீட்டு பழங்காலச் சுகாதார விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டு இன்றும் சிலர் வருகிறார்கள். சரி, சோதித்துப் பார்ப்போம். தீட்டில் கழுவுவது எப்போது? தொட்ட பிறகு. சாவு வீட்டுக்குப் போய்வந்த பிறகு, மாதவிலக்கானவள் மேல் பட்ட பிறகு, ஒதுக்கி வைத்த சாதிக்காரன் நிழல் விழுந்த பிறகு. எல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள. பிள்ளை பெற்று, ரணமான உடம்போடு கிடந்தவளையே தீட்டு என்று மூலையில் ஒதுக்கினோம். அவளைத் தொட வந்த கைக்குத் தீட்டு இல்லை. வியன்னாவில் நிரூபணமானது இதற்கு நேர்மாறு. அங்கே ஆபத்தில் இருந்தவள் அவள். ஆபத்தாக இருந்தது வந்த கை. சுகாதாரம் என்றால் முதல் விதி தொடுவதற்கு முன் கழுவு என்பதாகத்தான் இருந்திருக்கும். பிறப்பால் ஒட்டியது எந்தத் தண்ணீராலும் போகாது என்று சொல்லும் சாஸ்திரத்துக்கும் சோப்புக்கும் எந்த உறவும் கிடையாது.

இனி இன்றைய வார்டுக்கு வருவோம். தொற்றுச் சங்கிலி என்று நர்சிங் மாணவிகளுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். கிருமி ஒன்று வேண்டும். அது தங்கிப் பெருக ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து வெளியேற வாசல், பயணம் போக வழி, அடுத்த உடம்புக்குள் நுழைய வாசல், கடைசியாக எதிர்ப்புச் சக்தி குறைந்த ஓர் ஆள். இந்த ஆறு கண்ணிகளையும் மனப்பாடமாகச் சொல்லி மதிப்பெண் வாங்கியவர்களுக்குக்கூட, அது இரண்டு படுக்கைக்கு நடுவில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

14ஆம் படுக்கையில் பக்கவாதம் வந்த பெரியவர். சிறுநீர்க் குழாய் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அவர் மூத்திரத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி சேர்ந்திருக்கிறது. அவருக்கு இன்னும் காய்ச்சல் இல்லை, யாருக்கும் தெரியாது. 15இல் குடல்வால் அறுவை முடிந்த சர்க்கரை நோயாளி. கையில் வென்ஃப்ளான் ஊசி. நர்ஸ் க்ளவுஸ் போட்டுக்கொண்டு பெரியவரின் யூரின் பேக்கைக் காலி செய்கிறார். அடியில் இருக்கும் குழாய் மூக்கைத் திறந்து மூடும்போது விரலில் நாலு சொட்டு படுகிறது. அளவைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், பேனாவை எடுக்கிறார். பெரியவர் விழுந்துவிடாமல் கட்டில் கம்பியைத் தூக்கி மாட்டுகிறார். அதற்குள், "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு" என்று 15இலிருந்து குரல். அதே க்ளவுஸோடு போகிறார். பாட்டிலை மாற்றுகிறார். மருந்து ஏற்றும் நேரமும் ஆகிவிட்டதால் வென்ஃப்ளான் மூடியைத் திருகித் திறந்து ஊசி மருந்தைச் செலுத்துகிறார். மொத்தமே சில நிமிஷம். மூன்றாம் நாள் 15க்குக் குளிர் காய்ச்சல். ரத்தத்தில் கிளெப்சியெல்லா.

"ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு, அவர் நேரம் சரியில்ல" என்பார்கள் உறவினர்கள். "சுகர் பேஷண்ட், உடம்பு தாங்கல" என்பார் மருத்துவர். இரண்டாவது முதலாவதைவிட விஞ்ஞானமாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: தொட்ட கையைக் காட்சியிலிருந்து அகற்றிவிடுகின்றன. கை பட்டதற்கும் காய்ச்சல் வந்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் ஓடிவிடுவதால், அந்த இடைவெளியில் விதி வசதியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. 14இன் மூத்திரத்தையும் 15இன் ரத்தத்தையும் கல்ச்சர் வைத்து, இரண்டிலும் ஒரே கிருமி, ஒரே மருந்துகளுக்கு மடிகிறது, ஒரே மருந்துகளுக்கு மடியாமல் நிற்கிறது என்றால், பாதை தெரிந்துவிடும். முழு நிரூபணத்துக்கு மரபணுச் சோதனை வேண்டும். விசாரணையைத் தொடங்க இது போதும்.

இந்தச் சில நிமிஷத்தில் கை சுத்தம் எங்கெங்கே சங்கிலியை வெட்டியிருக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஐந்து தருணங்கள் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன். ஊசி, குழாய் போன்ற சுத்தமான வேலைக்கு முன். மூத்திரம், ரத்தம் பட்ட பின். நோயாளியைத் தொட்ட பின். அவரைச் சுற்றியிருக்கும் பொருளைத் தொட்ட பின். யூரின் பேக்கை மூடியதும் க்ளவுஸைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்திருந்தால், வாசலைத் தாண்டி வந்த கிருமி அங்கேயே நின்றிருக்கும். பேனாவும் கட்டில் கம்பியும் கிருமிக்குப் புது வீடு ஆகியிருக்காது. இது சின்ன விஷயமில்லை. கிளெப்சியெல்லா போன்றவை காய்ந்த பரப்பிலும் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 14இல் பெரியவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கம்பி வேலை செய்துகொண்டிருக்கும். 15ஐத் தொடும் முன் சுத்தம் செய்திருந்தால் பயண வழி அறுந்திருக்கும். எல்லாம் தவறி, வென்ஃப்ளான் மூடியைத் திறக்கும் முன் மட்டும் செய்திருந்தால் கூட ரத்தத்துக்குள் நுழையும் வாசலில் அது தடுக்கப்பட்டிருக்கும்.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். கை சுத்தம் 15இன் சர்க்கரையைக் குறைக்காது. 14இன் குழாயில் குடியேறிவிட்ட கிருமியைத் துரத்தாது. தேவையில்லாத குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடுவதுதான் அதற்கு மருந்து. காற்றில் மிதக்கும் காசநோய்க் கிருமிக்கு முகக்கவசமும் திறந்த ஜன்னலும் வேண்டும். ஆல்கஹாலுக்கும் எல்லை உண்டு. பேதி உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகள் அதில் சாகா. அங்கே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்து அலசித் தள்ளத்தான் வேண்டும். கையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு இருந்தாலும் அப்படித்தான். எல்லாக் கண்ணியையும் கையே அறுக்காது. ஆனால் ஒரு கண்ணியை அடுத்த கண்ணியோடு மாட்டிவிடுவது பெரும்பாலும் கை.

அழுக்கு வேலை செய்தால்தானே கையில் கிருமி வரும் என்று கேட்கலாம். 1977இல் லண்டனில் கேஸ்வெல், ஃபிலிப்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதே கிளெப்சியெல்லாவை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, நாடி பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற, நாம் சுத்தமானது என்று நினைக்கும் வேலைகளிலேயே நர்ஸ்களின் கையில் நூறு முதல் ஆயிரம் வரை கிருமிகள் ஏறியிருந்தன. தோலில் அவை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உயிரோடு இருந்தன. ஒரு ரவுண்ட்ஸுக்கு அது தாராளம். நாடி பார்த்த கை அழுக்கு என்று கண்ணும் சொல்லாது, மூக்கும் சொல்லாது. பினாயில் வாசனை வந்தால் வார்டு சுத்தம் என்று நம்புகிற நமக்கு இது ஏறுவது கடினம்.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். பல நாடுகளில் கைகழுவலைக் கண்காணித்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது: நோயாளியைத் தொட்ட பிறகு கை சுத்தம் செய்கிறவர்கள் அதிகம், தொடும் முன் செய்கிறவர்கள் குறைவு. மூத்திரம் பட்டால் யாரும் சொல்லாமலே குழாயடிக்கு ஓடுவோம். சுத்தமாகத் தெரிகிற நம் கையோடு ரணமான உடம்பை அணுகும்போது தயக்கம் வருவதில்லை. படித்த, பட்டம் பெற்ற, தீட்டில் நம்பிக்கையில்லை என்று சொல்கிற நம் கைக்குள்ளும் அதே பழைய மனம்தான் இருக்கிறது. நோயாளி எனக்கு ஆபத்து. நான் நோயாளிக்கு ஆபத்தல்ல.

க்ளவுஸ் இந்த மனத்துக்குக் கிடைத்த தாயத்து. மாட்டிக்கொண்டால் எனக்குப் பயமில்லை. அதனால்தான் ஒரே ஜோடியோடு நாலு படுக்கை சுற்ற முடிகிறது. வெறுங்கையில் ஈரம் பட்டால் உறுத்தும். ரப்பருக்குள் இருக்கும் கைக்கு உறுத்தாது. 15ஆம் படுக்கைக்காரரைப் பொறுத்தவரை அந்த க்ளவுஸ், கழுவாத இன்னொரு கை.

நிஜத் தாயத்தும் உண்டு. மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, மந்திரித்த கறுப்புக் கயிறு, விரலில் ராசிக்கல் மோதிரம். மோதிரத்துக்கு அடியில் இருக்கும் தோலில் கிருமி அதிகம் தங்குகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். மாதக்கணக்கில் நனைந்து நனைந்து காயும் நூலில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தன்னைக் காக்கும் என்று ஒரு மருத்துவர் கட்டியிருக்கிற கயிறு, காயத்துக்குக் கட்டுப் போடும்போது நோயாளியின் வயிற்றில் உரசுகிறது. நம்பிக்கை தனிமனித உரிமை என்கிறோம். அடுத்தவர் வயிற்றுப் புண்ணில் உரசுகிற வரைக்கும் அது தனிமனித விஷயம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நர்ஸ்களைத் திட்டக் கிளம்பினால் அதுவும் மூடத்தனம். கணக்குப் போடுங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி. குழாயடி வார்டின் ஒரு கோடியில். நெருக்கடியான பிரிவில் ஒரு மணி நேரத்தில் 20 முறை கழுவ வேண்டி வந்தால், கழுவ மட்டும் 20 நிமிஷம் வரை. போக வர நடப்பது தனி. நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ் என்று போட்டுவிட்டு, கை கழுவுங்கள் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவது நிர்வாகம் தனக்குத்தானே செய்துகொள்ளும் பரிகாரம். ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் 1990களின் நடுவில் செய்தது வேறு. ஆல்கஹால் கரைசலைப் படுக்கைப் பக்கத்திலேயே வைத்தார்கள். 20, 30 விநாடித் தேய்ப்பு, நடை இல்லை. கூடவே பயிற்சி, கண்காணிப்பு, முடிவுகளை ஊழியர்களிடமே காட்டுவது. 1994இல் நூற்றுக்கு 48 தருணங்களில் செய்தவர்கள் 1997இல் 66இல் செய்தார்கள். மருத்துவமனையில் தொற்றிய நோயோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் என்பது 10 பேராகக் குறைந்தது. இவ்வளவு பேர் எடுத்த அந்த மருத்துவமனையிலும் மூன்றில் ஒரு தருணம் தவறியே போனது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அங்கேயும் மருத்துவர்கள் நர்ஸ்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். சீஃப் கழுவாமல் முதல் படுக்கையிலிருந்து இரண்டாவதுக்குப் போனால், பின்னால் வரும் பி.ஜி.யும் ஹவுஸ் சர்ஜனும் கழுவ நின்று பின்தங்குவார்களா? சீஃபிடம் யார் சொல்வது?

கண்காணிப்பாளர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும்போது எல்லோரும் நன்றாகக் கழுவுகிறார்கள், அவர் போனதும் குறைகிறது என்பதும் தெரிந்த விஷயம். கடவுள் பார்க்கிறார் என்ற பயம் இல்லாவிட்டால் மனிதன் ஒழுங்காக இருக்கமாட்டான் என்று வாதிடுகிறவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வரலாம். அமெரிக்காவில் ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட சோதனை ஒன்றை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையில் சில கைகழுவும் இடங்களில், கை கழுவினால் உங்களுக்கு நோய் வராது என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். சில இடங்களில் 'உங்களுக்கு' என்பதை மட்டும் எடுத்துவிட்டு 'நோயாளிக்கு' என்று போட்டார்கள். முதல் பலகை பயன்படவில்லை. இரண்டாவது இருந்த இடங்களில் கரைசல் அதிகம் செலவானது. மேலே யாரும் பார்க்கவில்லை, தனக்கு லாபமும் இல்லை. எதிரில் கிடப்பவருக்கு என்னால் கேடு வரலாம் என்று நினைவூட்டியதே கையை நீட்ட வைத்தது.

ஆகவே ஓர் ஆஸ்பத்திரி யோக்கியமானதா என்று தெரிய, அங்கே இருப்பவர்களின் மனத்தை ஆராய வேண்டியதில்லை. கரைசல் எவ்வளவு தீர்கிறது என்று பார்த்தால் போதும். ஆயிரம் நோயாளி-நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டுப் படிவத்தில் இருக்கும் அளவு. அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 20 மில்லி. ஒரு தடவைக்கு 3 மில்லி என்றால் நாளெல்லாம் சேர்த்து அவரைச் சுற்றி ஆறேழு முறை. உண்மையில் தேவைப்படுவதைவிட இது மிகக் குறைவு. நிரம்பிய 30 படுக்கை வார்டுக்கு மாதம் 18 லிட்டர், அரை லிட்டர் புட்டியில் 36. இந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், அரசோ தனியாரோ, போன மாதம் அந்த வார்டுக்கு எத்தனை புட்டி இறங்கியது என்று ஸ்டோர் ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள்.